பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் வெளியே போகும் மெயில்

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்று 1,75,000 டாலரைத் திருடர்களிடம் இழந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.3 கோடி ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் எஃப்பிஐ தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் குறிப்பில் இந்தச் சம்பவம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டும் இல்லை. அந்த நிறுவனம் அப்போதுதான் தன் வெப்மெயிலைப் புதுப்பித்திருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் அந்த வெப்மெயிலில் ஃபார்வர்டிங் விதிகளை எழுதி வைத்தார்கள். அதாவது, வருகிற மெயிலில் ஒரு நகல் தங்கள் முகவரிக்குத் தானாகவே வந்து சேரும்படி செய்துவிட்டார்கள்.

நிறுவனத்தில் யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது ஊழியர்களின் கணினியில் இருந்த மெயில் மென்பொருளின் விதிகளை. வெப்மெயிலில் எழுதிய விதி அந்த மென்பொருளில் தெரியவில்லை. இரண்டும் ஒரே அஞ்சல் பெட்டியைத்தான் காட்டின, ஆனால் விதிகளைப் பகிர்ந்துகொள்ளவில்லை. கணினியில் எல்லாம் சுத்தமாக இருந்தது. சர்வரில் நகல் போய்க்கொண்டிருந்தது. திருடர்கள் ஏற்கெனவே அறிமுகமான ஒரு வெளிநாட்டு விற்பனையாளரைப்போல் நடித்தார்கள். நிறுவனத்தின் பெயரைப் போலவே எழுத்து அமைந்த ஒரு டொமைனைப் பதிந்துகொண்டு, அந்த விற்பனையாளரோடும் பேசினார்கள். இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து இரு தரப்பாகவும் எழுதினால் பணம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே குறிப்பில் இன்னொரு நிறுவனம் வருகிறது. உற்பத்தித் துறையைச் சேர்ந்தது. அங்கே திருடர்கள் மூன்று விதிகள் வைத்திருந்தார்கள். இரண்டு விதிகள் குறிப்பிட்ட டொமைனிலிருந்து வரும் மெயில்களைப் பிடித்தன. மூன்றாவது விதி ஐந்து சொற்களைத் தேடியது: bank, payment, invoice, wire, check. இந்தச் சொற்களில் ஒன்று இருந்தால் போதும், அந்த மெயிலின் நகல் திருடனுக்குப் போய்விடும்.

இந்த ஐந்து சொற்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு நாள்தோறும் வரும் நூற்றுக்கணக்கான மெயில்களில் விடுப்பு விண்ணப்பம், கூட்ட அழைப்பு, விளம்பரம் எல்லாம் இருக்கும். திருடனுக்கு அவை வேண்டாம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்ற பேச்சு மட்டும் வேண்டும். அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலையை மெயில் சர்வரிடமே ஒப்படைத்துவிட்டான். இனி அவன் கணக்குக்குள் நுழையவே தேவையில்லை. நுழையாததால் புதிய இடத்திலிருந்து லாகின் என்ற எச்சரிக்கையும் வராது.

பாஸ்வேர்டை மாற்றினால் இது நிற்காததற்குக் காரணம் எளிமையானது. பாஸ்வேர்டு கேட்கப்படுவது உள்ளே வருபவரிடம். விதியோ உள்ளே ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட ஒரு உத்தரவு; அதைச் செயல்படுத்துவது மெயில் சேவை நடத்தும் சர்வர். வீட்டுப் பூட்டை மாற்றுகிறோம், ஆனால் நம் பெயரில் வரும் தபாலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி யாரோ தபால் நிலையத்தில் கொடுத்த கடிதம் அங்கேயே இருக்கிறது என்றால் நடப்பது இதுதான். விதியை எழுதியது உரிமையாளரா, பாஸ்வேர்டைத் திருடி வந்தவனா என்று சர்வருக்குத் தெரியாது.

நகல் அனுப்புவது ஒரு வகை. என் கணிப்பில் அதைவிடக் கெட்டது இன்னொரு வகை: மறைக்கும் விதி. இதில் மெயில் எங்கேயும் வெளியே போவதில்லை. நமக்குத் தெரியாமல் நம் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வைக்கப்படுகிறது.

ஒரு நிறுவனத்தின் கணக்காளர் பெட்டி திருடன் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு அனுப்பிய பழைய பில்லை எடுத்து, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, கணக்காளரின் முகவரியிலிருந்தே அனுப்புகிறான். போலி முகவரி அல்ல, உண்மையான முகவரி. வாடிக்கையாளர் கவனமானவர் என்றால், "கணக்கு எண் மாறியிருக்கிறதே, சரிதானா?" என்று பதில் எழுதுவார். அந்தப் பதில் கணக்காளர் கண்ணில் பட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் திருடன் முதலிலேயே ஒரு விதி வைக்கிறான்: இந்த வாடிக்கையாளரிடமிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறி, இன்பாக்ஸில் காட்டாதே, "RSS Feeds" என்ற ஃபோல்டருக்கு அனுப்பு. பிறகு அவனே அந்த ஃபோல்டரைத் திறந்து, "ஆமாம் சார், பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, புதியதில் போடுங்கள்" என்று பதில் எழுதுகிறான். கேள்வி கேட்டவருக்குத் திருப்தி. கணக்காளருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது.

"RSS Feeds" என்ற ஃபோல்டரைத் தேர்ந்தெடுப்பது தற்செயல் அல்ல. அவுட்லுக்கில் பலரிடம் அது வெறுமனே இருக்கும். வலைத்தளச் செய்திகளை மெயிலில் படிக்கும் வழக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டதால் அதை யாரும் திறப்பதில்லை. "Conversation History", "Archive" ஆகியவையும் இதே காரணத்துக்காகப் பயன்படுகின்றன. விதிக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. வெறும் ஒரு புள்ளி, அல்லது இரண்டு புள்ளி, அல்லது ஒரு காற்புள்ளி. பட்டியலில் வேகமாகக் கண்ணோட்டும்போது அது திரையில் விழுந்த தூசிபோல் தெரியும். உங்கள் அவுட்லுக்கில் Settings, Mail, Rules என்று போய்ப் பார்க்கும்போது ஒற்றைப் புள்ளியைப் பெயராகக் கொண்ட விதி இருந்தால், அதை நீங்கள் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை.

நிறுவனங்களை விட்டு வீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஜிமெயில். அதில் விதிக்கு ஃபில்டர் என்று பெயர். கணக்கு திருடுபோன ஒருவரின் ஃபில்டர் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கலாம்:

```
Matches: from:(no-reply@accounts.google.com)
Do this: Skip Inbox, Mark as read, Delete it
```

முதல் வரியில் இருப்பது கூகுள் தன் பாதுகாப்பு எச்சரிக்கைகளை அனுப்பும் முகவரி. புதிய கருவியில் லாகின் நடந்தது, மீட்பு எண் மாறியது என்றெல்லாம் நம்மை எச்சரிக்கும் மெயில் அங்கிருந்துதான் வருகிறது. அந்த எச்சரிக்கை வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி இந்த இரண்டு வரி செய்துவிடுகிறது. கூகுள் கடமையைச் செய்துகொண்டே இருக்கும், நாம் எதையும் பார்க்க மாட்டோம்.

இதே இடத்தில் வங்கியின் முகவரியும், "password reset" என்ற சொற்களும் வைக்கப்பட்டு, நகல் வெளியே போகும்படி இருந்தால் ஆபத்து மெயிலோடு நிற்காது. ஃபேஸ்புக், ஷாப்பிங் கணக்கு, நீங்கள் காசு கட்டி வாங்கிய டொமைன் என்று எதிலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற பொத்தானை அவன் அழுத்தலாம். மாற்றுவதற்கான இணைப்பு உங்கள் பெட்டிக்கு வரும், ஃபில்டர் வழியாக அவனுக்கும் போகும்.

ஜிமெயில் இதைத் தடுக்க எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஃபார்வர்டிங் முகவரி சேர்த்தால், அந்த முகவரிக்கு உறுதி செய்யும் மெயில் ஒன்று போகும். ஆனால் அந்த முகவரி திருடனுடையது. அவனே திறந்து உறுதி செய்துவிடுவான். மெயில் வேறு முகவரிக்குப் போகிறது என்று முதல் வாரம் ஒரு அறிவிப்பும் காட்டப்படும். இங்கேதான் எனக்கு ஒரு குறை. ஃபார்வர்டிங்கை அமைப்பது கணினியில்தான் முடியும், ஃபோனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் முடியாது என்று கூகுளே சொல்கிறது. ஃபில்டர் பட்டியலும் அந்த ஆப்பில் கிடையாது. கணினியே தொடாமல் ஃபோனில் மட்டும் மெயில் பார்ப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் ஆப்பின் எல்லாப் பக்கத்தையும் புரட்டினாலும் திருடன் எழுதி வைத்ததைக் காண மாட்டார்கள். கணினி இல்லாவிட்டால் ஃபோனின் பிரவுசரில் "டெஸ்க்டாப் சைட்" என்பதைத் தேர்ந்து mail.google.com திறக்க வேண்டும். கண்ணுக்குச் சிரமம்தான், ஆனால் வேலை நடக்கும்.

ஃபில்டரைப் பார்ப்பவர்கள்கூட விட்டுவிடும் ஒரு இடம் "Accounts and Import" என்ற பக்கம். அங்கே "Send mail as" என்பதில் நம் முகவரிக்கு வேறொரு பதில் முகவரி கொடுக்க முடியும். நாம் அனுப்பும் மெயிலுக்கு எதிரில் இருப்பவர் பதில் எழுதினால், அது அந்த வேறு முகவரிக்குப் போகும். நம் முகவரியில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி அங்கே போட்டுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பக்கத்தில் "Grant access to your account" என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயர் இருந்தால் அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே உங்கள் பெட்டியைத் திறந்து படிக்கலாம்.

இதுவரை சொன்னவை பெட்டிக்குள் எழுதி வைப்பவை. அடுத்தது பெட்டிக்கு வெளியே கொடுக்கப்படும் அனுமதி: இணைக்கப்பட்ட ஆப்.

ஏதோ ஒரு தளத்தில் "கூகுள் மூலம் உள்ளே வரவும்" என்று அழுத்தியிருப்பீர்கள். அப்போது உங்கள் பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்குப் போவதில்லை. கூகுள் உங்களைக் கேட்டு, நீங்கள் சரி என்றவுடன், அந்தத் தளத்துக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அந்த டோக்கனைக் காட்டினால் நீங்கள் அனுமதித்தவற்றை மட்டும் அது செய்துகொள்ளலாம். பெரும்பாலான தளங்கள் உங்கள் பெயரையும் மெயில் முகவரியையும் மட்டும் கேட்கும், அதில் பயமில்லை. ஆனால் ஒரு ஆப் உங்கள் முழு அஞ்சல் பெட்டியையும் கேட்கலாம். அப்போது கூகுள் காட்டும் வாசகம் "Read, compose, send, and permanently delete all your email from Gmail". மைக்ரோசாஃப்ட் காட்டும் பட்டியலில் "Maintain access to data you have given it access to" என்று ஒரு வரி இருக்கும். படிக்கச் சாதுவாக இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்காதபோதும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அந்த ஆப் உள்ளே வரலாம் என்பதுதான் அதன் பொருள்.

2017 மே 3 அன்று இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உலகம் பார்த்தது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, ஒரு ஆவணத்தைப் பகிர்ந்திருப்பதாக மெயில் வந்தது. அழுத்தினால் திறந்தது போலிப் பக்கம் அல்ல, கூகுளின் உண்மையான பக்கமே. அதில் "Google Docs" என்ற ஆப் உங்கள் மெயிலையும் தொடர்புகளையும் நிர்வகிக்க அனுமதி கேட்டது. யாரோ ஒருவர் தன் ஆப்புக்கு "Google Docs" என்று பெயர் வைத்துப் பதிந்திருந்தார், அவ்வளவுதான். அனுமதித்தவரின் தொடர்புகளுக்கெல்லாம் அதே மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் நிறுத்திவிட்டது. ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. அன்று ஜிமெயிலுக்கு 100 கோடிக்கு மேல் பயனர்கள் என்பதால், 0.1 சதவீதம் என்பதே 10 லட்சம் பேரைத் தொடும். அவர்களில் யாரும் பாஸ்வேர்டைப் பறிகொடுக்கவில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தாலும் அது உதவியிருக்காது, ஏனென்றால் உள்ளே போய் அனுமதி கொடுத்தது உரிமையாளரே.

அது ஏமாற்றி வாங்கிய அனுமதி. கணக்கைக் கைப்பற்றியவனுக்கு ஏமாற்றும் சிரமமும் இல்லை. உரிமையாளரின் இடத்தில் அவனே உட்கார்ந்திருக்கிறான். "Allow" பொத்தானை அவனே அழுத்துகிறான். அவன் இணைப்பது பயங்கரமான பெயர் கொண்ட ஏதோ ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெட்டி முழுவதையும் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண மெயில் மென்பொருளே போதும். அதனால் பட்டியலைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "இது நல்ல ஆப்பா?" என்பதல்ல, "இதை நான் எப்போதாவது நிறுவினேனா?" என்பதே.

பாஸ்வேர்டை மாற்றினால் இந்த டோக்கன் சாகுமா? இதில் இரண்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை. கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினால் ஜிமெயிலைத் தொடும் டோக்கன்கள் ரத்தாகும். பழைய மென்பொருள்களுக்காக உருவாக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகும். ஆனால் டிரைவ் அல்லது தொடர்புகளுக்கு மட்டும் அனுமதி வாங்கிய ஆப் அதனால் போய்விடாது. அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் 365 பற்றி அந்த நிறுவனத்தின் ஆவணமே நேராகச் சொல்கிறது: தீய ஆப்புக்கு அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால் பாஸ்வேர்டை மாற்றுவதும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதும் பலன் தராது, அந்த அனுமதியையே நீக்க வேண்டும்.

சரி, கணக்கு கைமாறி மீண்டுவிட்டது, என்ன செய்வது? வரிசை முக்கியம். முதலில் ஃபில்டரை அழித்துவிட்டுப் பிறகு பாஸ்வேர்டை மாற்றினால், இன்னும் உள்ளே இருக்கும் திருடன் ஒரு நிமிடத்தில் அதை மீண்டும் எழுதிவிடுவான். ஆகவே முதலில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, மீட்புக்கான ஃபோன் எண்ணும் மெயில் முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். மீட்பு எண் அவனுடையதாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். அடுத்து ஜிமெயிலில் "See all settings" திறந்து "Filters and Blocked Addresses", "Forwarding and POP/IMAP", "Accounts and Import" ஆகிய மூன்று பக்கங்களையும் பாருங்கள். கடைசியாக myaccount.google.com/connections என்ற முகவரியில் இணைந்த ஆப்களைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இதே பட்டியல் தனியுரிமைப் பக்கத்தில் கிடைக்கும்.

சந்தேகமான எதையும் அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் இருக்கும் வெளி முகவரி திருடன் விட்டுப்போன தடயம். அழித்துவிட்டால் போலீசிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவன் எந்தச் சொற்களைத் தேடினான் என்பதைப் பார்த்தால் அவனுடைய குறி எது என்பதும் தெரியும்: வங்கியா, டொமைனா, குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரா?

குப்பைத் தொட்டியையும் கிளற வேண்டும். ஃபில்டர் அழித்த மெயில் ஜிமெயிலில் 30 நாள் "Trash" ஃபோல்டரில் இருக்கும். தேடும் இடத்தில் in:trash என்று தட்டிப் பாருங்கள். உங்களுக்கு வராமல் போன வங்கி எச்சரிக்கையும், "இந்தக் கணக்கு எண் சரியா?" என்று கேட்டவரின் மெயிலும் அங்கே கிடக்கலாம். தாமதித்தால் அதுவும் போய்விடும். வெளியே போன நகலைத் திரும்ப வாங்க வழியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் ஆதார் நகலோ, எங்கோ பயன்படுத்திய பாஸ்வேர்டோ, வங்கி அறிக்கையோ இருந்திருந்தால் அவை அவன் கையில் இருப்பதாகவே கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களில் மெயில் நிர்வாகம் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு. எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ஒரு விதியின் பெயர் முதலான உட்குறிப்புகளை அழித்துவிட்டால், விதி வேலை செய்துகொண்டே இருக்கும், அவுட்லுக்கிலும் வெப்மெயிலிலும் மட்டும் தெரியாது. 2018இல் காம்பஸ் செக்யூரிட்டி என்ற ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இதைச் செய்து காட்டினார். பவர்ஷெல்லில் இப்படிக் கேட்டால் அது வெளியே வரும்:

```
Get-InboxRule -Mailbox kanakku@example.com -IncludeHidden
Get-Mailbox kanakku@example.com | Format-List Forwarding*
```

முதல் வரி மறைந்த விதிகளையும் சேர்த்துக் காட்டும். அதில் "Junk E-mail Rule" என்று ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம், அது மைக்ரோசாஃப்ட் வைத்தது. இரண்டாவது வரி, விதியே இல்லாமல் பெட்டி மொத்தமாக வேறு முகவரிக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட் 365இல் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்ட் ஆவதை இப்போது இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு மேலாளர் கேட்டார் என்று அதைத் திறந்துவிட்ட அலுவலகங்கள் உண்டு. உங்கள் அலுவலகம் அதில் ஒன்றா என்று விசாரியுங்கள். ஆனால் இந்தத் தடை வெளியே போவதைத்தான் நிறுத்தும். RSS ஃபோல்டருக்குள் ஒளித்து வைப்பதை அது தொடாது.

கணக்கு திருடுபோகாதவர்களும் ஒரு முறை இந்தப் பக்கங்களைத் திறந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் திருடுபோனதே தெரியாமல் இருப்பதற்காகத்தான் இந்த விதிகள். உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது இருந்து, பணமும் போயிருந்தால், வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.